ஒரே ஷாஃப்ட், இரண்டு கீ

கிக்கரை எத்தனை முறை உதைத்தாலும் பைக் எழும்பவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பொறி வருகிறது, பெட்ரோலும் வருகிறது. நடுவில் கிக்கர் ஒரு முறை காலை எதிர்த்து உதைக்கிறது. பழகிய மெக்கானிக்காக இருந்தால் அடுத்து மேக்னட்டைத்தான் கழற்றுவார். கிராங்க் ஷாஃப்டின் கூம்பு முனையில் இருக்கும் சின்னக் கீ வெட்டுப்பட்டிருக்கும். மேக்னட் தன் இடத்திலிருந்து சற்றே திரும்பிவிட்டதால் பொறி தப்பான நேரத்தில் விழுகிறது.

அந்தச் சின்னத் துண்டுதான் ஹாஃப்மூன் கீ. புத்தகப் பெயர் உட்ரஃப் கீ. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டைச் சேர்ந்த உட்ரஃப் என்பவர் உருவாக்கியது. இதற்காக 1888-இல் பிராங்க்ளின் இன்ஸ்டிட்யூட் அவருக்கு ஜான் ஸ்காட் பதக்கம் அளித்தது. உருவம் எளிமையானது: ஒரு வட்டை நடுவுக்குச் சற்றுக் கீழே நறுக்கினால் கிடைக்கும் பிறை. அதே விட்டமுள்ள வட்டக் கட்டரை ஷாஃப்டுக்குள் நேராக இறக்கினால் பிறை அமரும் குழி தயார். குழி வளைவாக இருப்பதால் கீ அதில் சற்று ஆடித் தன்னைச் சரிசெய்துகொள்ளும். கூம்பு முனைகளில் இதை விரும்பி வைப்பது அதனால்தான்.

பழைய கீ கையில் இருந்தால் அளந்து வாங்கிவிடலாம். புதிதாக ஒரு ஷாஃப்டுக்கு வைக்க வேண்டுமானால் கேட்டலாக் அட்டவணைதான் துணை. உதாரணத்துக்கு 24 மி.மீ. ஷாஃப்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஐ.எஸ்.ஓ. 3912 வழியில் வரும் மெட்ரிக் அட்டவணையில் ஷாஃப்ட் விட்டம் ‘இதற்கு மேல், இது வரை’ என்று இரண்டு எண்களாக இருக்கும். 24 விழுவது ‘22-க்கு மேல், 25 வரை’ என்ற வரியில். சரியாக 22 மி.மீ. ஷாஃப்டாக இருந்தால் அது இந்த வரியில் சேராது. முந்தைய வரியில் சேரும்.

பலர் தடுமாறும் இடம் அடுத்தது. ஷாஃப்ட் விட்டத்துக்கு அட்டவணையில் இரண்டு பத்திகள் இருக்கும். ஒன்று, கீயே சுழற்சி விசையைக் கடத்தும் இடங்களுக்கு. மற்றொன்று, கீ வெறும் இடம் காட்டினால் போதும் என்ற இடங்களுக்கு. முதல் பத்தியில் 24-ஐத் தேடினால் 6 மி.மீ. அகலம், 9 மி.மீ. உயரம், 22 மி.மீ. வட்டு விட்டம் கொண்ட கீ வரும். குழி ஆழம் 6.5. இரண்டாம் பத்தியில் அதே 24-ஐத் தேடினால் 5 அகலம், 6.5 உயரம், 16 வட்டு. குழி ஆழம் 4.5 மட்டும்.

எனவே விட்டத்தைக் கேட்பதற்கு முன், கீக்கு என்ன வேலை என்று கேட்க வேண்டும். நேரான ஷாஃப்டில் புல்லியைக் கீதான் இழுத்துச் சுற்றுகிறது என்றால் முதல் பத்தி. மேக்னட்டைப் போலக் கூம்பில் நட்டு போட்டு இறுக்கியதென்றால், விசையைக் கடத்துவது கூம்பின் பிடிப்பு. கீ திசை காட்டினால் போதும், இரண்டாம் பத்தி. இங்கே ‘பெரிசா இருந்தா நல்லதுதானே’ என்று பெரிய கீயை எடுத்தால் ஷாஃப்டை வீணாக 2 மி.மீ. கூடுதலாகக் குடைந்ததாகும். ஹாஃப்மூன் கீயின் பலவீனமே அந்த ஆழம்தான். இதே 24 ஷாஃப்டில் சாதாரண நீளக் கீ கேட்கும் ஆழம் 4 மி.மீ.

நம் ஷாஃப்டில் கீதான் புல்லியை இழுக்கிறது என்று வைத்துக்கொண்டு 6×9-ஐ எடுப்போம். அட்டவணை இரண்டு ஆழங்களைத் தரும்: ஷாஃப்ட் குழிக்கு t1 = 6.5, புல்லியின் ஹப்பில் வெட்டும் கீவேக்கு t2 = 2.8. கூட்டினால் 9.3. கீயின் உயரம் 9. மிச்சமுள்ள 0.3 மி.மீ. கீயின் தலைக்கு மேல் வேண்டுமென்றே விட்ட இடைவெளி. கீ வேலை செய்வது பக்கச் சுவர்களால். தலை எதிலும் முட்டக் கூடாது.

இந்த 6.5-ஐ எங்கிருந்து அளப்பது? ஷாஃப்டின் உச்சிக் கோட்டிலிருந்து. ஆனால் கட்டர் இறங்கியதும் அந்த உச்சியே காணாமல் போய்விடும். மிஞ்சுவது குழியின் இரு விளிம்புகள். 24 ஷாஃப்டில் 6 அகலம் வெட்டினால் விளிம்பு உச்சியைவிட 0.38 மி.மீ. தாழ்ந்திருக்கும். விளிம்பில் டெப்த் கேஜை வைத்து 6.5 வரும்வரை வெட்டியவர் உண்மையில் 6.88 வெட்டியிருப்பார். கீயின் தலைக்கு மேலுள்ள மொத்த இடைவெளியையும்விட அந்தப் பிழை பெரிது.

அதனால் ஆழத்தை நேராக அளக்காமல் எதிர்ப்புறத்திலிருந்து அளப்பார்கள். குழியின் அடியிலிருந்து ஷாஃப்டின் மறுபக்கம் வரை 24 − 6.5 = 17.5 வர வேண்டும். ஹப்பில் கீவேயின் அடியிலிருந்து எதிர்ச் சுவர் வரை 24 + 2.8 = 26.8. ஷாஃப்ட் குழியின் அடி வளைவானது. ஆகவே அதன் மிக ஆழமான இடத்தில் வெர்னியரை வைக்க வேண்டும். இரண்டு ஆழங்களுக்கும் அட்டவணை ப்ளஸ் பக்கம் மட்டும் சலுகை தரும்; மைனஸ் கிடையாது.

மைனஸ் ஏன் இல்லை என்பதற்கு அந்த மேக்னட்டே பதில். குழி ஆழம் குறைந்தால் கீயின் தலை ஹப்பில் முட்டும். நேர் ஷாஃப்டில் புல்லி ஒருபக்கம் தூக்கிக்கொண்டு ஆட்டத்துடன் சுற்றும். கூம்பிலோ இன்னும் மோசம்: நட்டு இறுகியது போலத் தோன்றும், ஆனால் கூம்பு கூம்போடு சேரவில்லை. பிடிப்பு இல்லாததால் முழு விசையும் கீயின் மேல் விழுந்து அதை வெட்டிவிடும். கழற்றிப் பார்க்கையில் கீயின் தலையில் பளபளவென்று தேய்ந்த தடம் இருந்தால் காரணம் இதுதான். அங்கே புதுக் கீ மட்டும் போட்டால் அதுவும் வெட்டுப்படும். குழி அளவுக்கு மேல் ஆழமானால் கீ உள்ளே அமிழ்ந்து, ஹப்பில் பிடிக்கும் உயரம் குறையும். அப்போது கீயின் மேல் விளிம்புகள் நசுங்கியிருக்கும்.

அட்டவணைக்குத் தெரிந்தது விட்டம் மட்டும், சுமை தெரியாது. அதை நாம் பார்க்க வேண்டும். 1.5 கிலோவாட் மோட்டார் 1440 சுற்றில் ஓடினால் முறுக்கு விசை சுமார் 10 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. ஆரத்தில் அது கீயின் பக்கவாட்டில் சுமார் 830 நியூட்டன். நம் கீயின் நீளம் 21.6, ஹப்புக்குள் நீட்டும் உயரம் 2.5; அதாவது 54 சதுர மி.மீ. பரப்பு. அழுத்தம் சதுர மி.மீ.-க்கு 15 நியூட்டன்தான். வார்ப்பிரும்பு ஹப் இதைச் சிரமமின்றித் தாங்கும். சுமை பல மடங்கானால் நீளக் கீயில் நீளத்தைக் கூட்டலாம். ஹாஃப்மூன் கீயில் அந்த வழி இல்லை. வட்டின் விட்டமே நீளத்தை முடிவு செய்துவிடுகிறது.

இன்னொரு எச்சரிக்கை. கீயை ஒரு கேட்டலாக்கிலும் ஆழத்தை வேறொன்றிலும் எடுக்கக் கூடாது. தரநிலை மாறினால் ஆழமும் மாறலாம். அமெரிக்க எண்ணில் 608 என்றால் கடைசி இரண்டு இலக்கம் விட்டம், அங்குலத்தின் எட்டில் எட்டு, அதாவது 1 அங்குலம். முன்னுள்ள 6 அகலம், அங்குலத்தின் முப்பத்திரண்டில் ஆறு. அது 4.76 மி.மீ.; 5 மி.மீ. குழியில் போட்டால் ஆடும்.

வெட்டி முடித்ததும் கீயைக் குழியில் அமர்த்தி, அதன் தலையிலிருந்து ஷாஃப்டின் மறுபக்கம் வரை அளந்து பாருங்கள். 26.5 வர வேண்டும். ஹப்பில் இருப்பது 26.8. நடுவில் அந்த 0.3 இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் புல்லியை ஏற்ற வேண்டும்.