இரண்டு மாதத்தில் நின்றுபோகும் எடை

உணவுக் கட்டுப்பாட்டைத் தொடங்கி இரண்டு மாதங்கள் கழிந்த பின்னர், எடைக் கருவி ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டு நிற்பதாக நம்மிடம் வருவோர் பலர். அவர்களுள் சிலர், இனி இரவு உணவையும் விட்டுவிடலாமா என்று கேட்கின்றனர். அவ்வாறு செய்வதற்கு முன்னர், உடலுக்குள் நடப்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நலம்.

ஆரணியில் பட்டுத்தறி நெய்யும் 48 வயதான ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தொடக்கத்தில் அவரது எடை 84 கிலோ. நாளொன்றுக்கு அவர் உடல் செலவிடுவது சுமார் 2,400 கலோரி. அவர் 1,800 கலோரி உண்கிறார். முதல் மாதம் நான்கு கிலோ குறைகிறது. அதில் ஒரு பங்கு கொழுப்பன்று, நீர். தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்கப்படும் மாவுச்சத்து, கிராமுக்கு ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னுடன் பிடித்து வைத்திருக்கும். சேமிப்புக் குறையும்போது அந்நீரும் வெளியேறுகிறது. இரண்டாம் மாதம் இரண்டு கிலோ குறைகிறது. அதன்பின் மூன்று வாரங்களாக 78 கிலோவிலேயே நிற்கிறது.

எடை குறைந்த உடலை இயக்கக் குறைந்த ஆற்றலே போதும். அத்துடன், கொழுப்பு குறைவதை உணர்ந்த உடல் சிக்கனம் பிடிக்கத் தொடங்குகிறது. கொழுப்பணுக்கள் சுரக்கும் லெப்டின் குறைகிறது. தைராய்டு இயக்குநீரும் சற்றே தணிகிறது. நாம் அறியாமலேயே எழுந்து நடப்பதும் கையசைப்பதும் குறைகின்றன. இதனை வளர்சிதைமாற்றத் தகவமைப்பு என்பர். இவையெல்லாம் சேர்ந்து நெசவாளரின் செலவை 2,150 கலோரி அளவுக்கு இறக்கியிருக்கலாம். எனவே அன்றாடப் பற்றாக்குறை 600 அன்று, 350 மட்டுமே. வாரத்துக்குச் சுமார் 300 கிராம் கொழுப்பு இன்னமும் கரைந்துகொண்டுதான் இருக்கிறது.

அந்த 300 கிராமை மறைக்க உடலிலுள்ள நீரே போதும். கருவாட்டுக் குழம்பும் அப்பளமும் ஊறுகாயும் உண்ட மறுநாள் ஒரு கிலோ கூடுவது இயல்பு. முகூர்த்தச் சேலைக்காக இரவு நெடுநேரம் விழிப்பதும், புதிதாகத் தொடங்கிய நடையால் தசை வலிப்பதும், தறிக்குழியில் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருப்பதும் நீரைத் தேக்கக்கூடும். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய நாள்களிலும் இவ்வாறே நிகழும்.

ஆதலால் வாரம் ஒருமுறை மட்டும் எடை பார்ப்பது குழப்பத்தையே தரும். நாள்தோறும் காலையில், சிறுநீர் கழித்தபின், உண்பதற்கு முன் எடை பார்த்து எழுதி வையுங்கள். ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியை நான்கு வாரங்களுக்கு ஒப்பிடுங்கள். இடுப்பளவையும் குறித்துக்கொள்ளுங்கள். எடை நின்றிருக்க இடுப்பு குறைந்தால், நீரே மறைக்கிறது எனக் கொள்ளலாம். இரண்டும் நான்கு வாரம் அசையாவிடில், பெரும்பாலும் உணவின் அளவு கூடியிருக்கும். தாளிக்கும் எண்ணெயை ஒரு வாரம் கரண்டியால் அளந்து ஊற்றிப் பாருங்கள். நாம் அறிந்தவரை, கணக்கு அங்கேதான் அதிகம் தவறுகிறது.

எடை உண்மையிலேயே நின்று, பசியும் சோர்வும் மிகுந்திருந்தால், திட்டமிட்ட உணவு இடைவேளை ஒரு வழி. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா பல்கலைக்கழகத்தினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பருமனுள்ள 51 ஆண்கள் 16 வாரம் உணவைக் குறைத்தனர். இரண்டு வாரம் குறைத்து இரண்டு வாரம் சமநிலையில் உண்டவர்கள், இடைவிடாது குறைத்தவர்களைவிட அதிகமாக எடை இழந்தனர். எனினும் பின்னர் உடற்பயிற்சி செய்வோரிடம் நடத்தப்பட்ட ஆய்வில் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே இடைவேளை கொழுப்பை விரைந்து கரைக்கும் என நாம் உறுதி கூறுவதில்லை. மாதக்கணக்கில் கட்டுப்பாட்டைத் தொடரும் பொறுமையை அது தரக்கூடும் என்பதே நம் கருத்து.

இடைவேளை என்பது விருந்தன்று. நெசவாளர் குறைத்துள்ள 350 கலோரியை மட்டும் திரும்பச் சேர்க்க வேண்டும்: காலையில் இரண்டு இட்லி, மதியம் சுமார் 175 கிராம் சோறு. பருப்பும் காய்கறியும் நடையும் முன்போலவே தொடரும். முதல் சில நாள்களில் ஒரு கிலோ வரை ஏறும். அது மாவுச்சத்தும் அதனுடன் சேரும் நீரும், அஞ்ச வேண்டியதில்லை. ஓரிரு நாளில் நிலைபெறாமல் இரண்டாம் வாரமும் ஏறிக்கொண்டே சென்றால், சேர்த்த அளவு மிகுதி. பதினான்கு நாள் முடிந்ததும் பழைய 1,800-க்குத் திரும்பலாம்.

இன்சுலின் அல்லது சர்க்கரை நோய் மாத்திரை எடுப்போரும், சிறுநீரக, இதய நோயுள்ளோரும் உணவின் அளவை மாற்றுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். மருந்தின் அளவும் மாறவேண்டியிருக்கும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினாலும், முன்னங்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து நின்றாலும், படுத்தால் மூச்சுத் திணறினாலும், அது உப்பால் தேங்கிய நீர் என்று எண்ணி வீட்டில் காத்திராதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். எடை எழுதிய தாளையும் உண்ணும் மருந்துகளையும் உடன் கொண்டுவாருங்கள். சில இரத்த அழுத்த மாத்திரைகளும் காலை வீங்கச் செய்யும்.