குழி விழுந்த மெத்தையும் நூல் பிடித்த கணக்கும்

புது மெத்தை முதல் வாரத்தில் யாருக்கும் சுகமாகத்தான் இருக்கும். அது உழைக்குமா என்பது ஆறு மாதமாவது படுத்து எழுந்த பிறகுதான் தெரியும். அதற்குள் ‘நூறு நாள் பயன்படுத்திப் பாருங்கள், பிடிக்காவிட்டால் பணம் வாபஸ்’ என்ற சலுகைக் காலம் முடிந்துவிடுகிறது. மிச்சம் இருப்பது வாரண்டி அட்டை மட்டும்.

என் அக்கா ஆன்லைனில் வாங்கிய மெத்தையின் கதை இதுதான். நீளம் 78 அங்குலம், அகலம் 60, உயரம் 6. உள்ளே முழுக்க ஒரே ஃபோம், 32 டென்சிட்டி என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. வாரண்டி பத்து ஆண்டு. எட்டாவது மாதம் அக்கா போன் செய்தார். “காலையில எழுந்தா இடுப்பு பிடிச்சுக்குதுடா. தலையணைய மாத்திப் பார்த்தாச்சு, தலைமாடு கால்மாடு திருப்பிப் போட்டாச்சு. மெத்தைதான்.”

விற்றவர்களுக்கு எழுதும் முன் அளந்து பார்த்தோம். மெத்தையைத் தரையில் இறக்கிப் போட்டோம். கட்டில் பலகை நடுவில் வளைந்திருந்தாலும், சட்டங்களுக்கு இடையே இடைவெளி அதிகமிருந்தாலும் நல்ல மெத்தையும் குழிந்துதான் தெரியும். கம்பெனிக்காரர்கள் முதலில் பழி போடுவதும் கட்டில் மேல்தான். சில மணி நேரம் யாரும் படுக்காமல் விட்டு, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நூலை இழுத்துப் பிடித்து, இடுப்பு படும் இடத்தில் நூலுக்கும் மெத்தைக்கும் நடுவே ஸ்கேலை வைத்தோம். பள்ளம் 2 சென்டிமீட்டர்.

வாரண்டி அட்டையின் பொடி எழுத்தில், எடை ஏதும் இல்லாத நிலையில் 2.5 சென்டிமீட்டருக்கு மேல் குழிந்தால்தான் குறையாகக் கருதப்படும் என்று இருந்தது. பல கம்பெனிகளின் வரம்பு இதையொட்டியே இருக்கிறது. ஃபோம் மெத்தையை வாங்குபவர் ஏமாறும் இடம் இதுதான். ஃபோம் என்பது நுண்ணிய காற்றறைகளின் தொகுப்பு. தினமும் ஒரே இடத்தில் விழும் எடையிலும் வியர்வை ஈரத்திலும் அந்த அறைகளின் சுவர்கள் தளர்ந்துபோகின்றன. ஆள் எழுந்ததும் ஃபோம் ஏறக்குறைய பழைய உயரத்துக்கு வந்துவிடும். ஆள் படுத்தால் முன்பைவிட ஆழமாக அமுங்கும். வெறும் மெத்தையை அளக்கும் நூலுக்கு இந்தத் தளர்ச்சி பிடிபடாது.

அதனால் 25 கிலோ அரிசி மூட்டையைக் கொண்டுவந்தோம். கால்மாட்டு ஓரத்தில், யாரும் படுக்காத இடத்தில் வைத்தபோது மூட்டை 4 சென்டிமீட்டர் அமுங்கியது. இடுப்பு படும் இடத்தில் அதே மூட்டை ஆறரை சென்டிமீட்டர் இறங்கியது. அக்காவின் இடுப்பு வலிக்கு இது போதுமான விளக்கம்.

அடுத்துப் பார்த்ததுதான் வழக்கைத் திருப்பியது. 32 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் ஃபோம் 32 கிலோ எடை இருக்க வேண்டும். அக்காவின் மெத்தை சுமார் 0.46 கன மீட்டர். ஆகவே உறை இல்லாமல் 14.7 கிலோ நிற்க வேண்டும். ஜிப்பைத் திறந்து உறையைக் கழற்றினோம். மாமா மெத்தையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறி நின்றார். வித்தியாசம் பதினொன்றரை கிலோ. அதாவது டென்சிட்டி 25தான். அளவில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் மூன்று கிலோ காணாமல் போகாது. பொருள் குறைந்தால் காற்றறைச் சுவர் மெலியும், சீக்கிரம் தளரும்.

விற்ற நிறுவனம் முதலில் நடந்துகொண்ட விதம் வருத்தம் தந்தது. போட்டோ கேட்டார்கள், அனுப்பினோம். வரம்புக்குள்தான் இருக்கிறது, மேலே ஒரு டாப்பர் வாங்கிப் போடுங்கள் என்று பதில் வந்தது. டாப்பர் போட்டால் அதுவும் அதே பள்ளத்தில்தான் உட்காரும். எடைக் கணக்கையும் விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து மின்னஞ்சல் அனுப்பி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகாரைப் பதிவு செய்த பிறகுதான் ஆள் அனுப்பி எடை போட்டார்கள். வேறு மெத்தை வந்தது, பணம் திரும்பவில்லை. வாரண்டியில் பெரும்பாலும் பழுதுபார்த்தல் அல்லது மாற்றித் தருதல்தான் உண்டு. ஏற்றிச்செல்லும் செலவை அக்காதான் கொடுத்தார்.

மெத்தை வந்த அன்றே எடை போட்டு, பில்லையும் விளம்பரப் பக்கத்தையும் சேமித்து வையுங்கள். கறை படிந்தால் வாரண்டி செல்லாது என்று பலர் நிபந்தனை வைத்திருப்பதால் முதல் நாளே மேலுறை போட்டுவிடுங்கள். பேசித் தீராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.