கார்பன் தன் கோணத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

பழக்கிடங்கில் மாங்காயைப் பழுக்க வைக்கும் எத்திலீனிலும், வெல்டிங் பட்டறையில் இரும்பை உருக்கும் அசிட்டிலீனிலும் இருப்பவை கார்பனும் ஹைட்ரஜனும்தான். வேதியியல் பாடநூல்கள் முன்னதை ஈத்தீன் என்றும் பின்னதை ஈத்தைன் என்றும் அழைக்கின்றன. இவற்றோடு ஈத்தேனையும் சேர்த்துக்கொண்டால் மூன்று மூலக்கூறுகள், மூன்றிலும் இரண்டிரண்டு கார்பன் அணுக்கள். ஆனால் வடிவம் ஒன்றுக்கொன்று ஒட்டாது. ஈத்தேனில் ஒவ்வொரு கார்பனைச் சுற்றியும் பிணைப்புகள் நான்முகியாக விரிந்து நிற்கின்றன. ஈத்தீன் தட்டையானது. ஈத்தைன் ஒரே நேர்கோடு.

ஒரே தனிமம் மூன்று வடிவம் எடுப்பதற்கு 1931இல் லைனஸ் பாலிங் ஒரு விளக்கம் தந்தார். கார்பனின் வெளிக்கூட்டில் பிணைப்புக்கு உதவக்கூடிய ஆர்பிட்டால்கள் நான்கு. ஒன்று கோள வடிவ 2s. அதற்குத் திசை கிடையாது. மற்ற மூன்றும் 2p. ஒன்றுக்கொன்று செங்குத்தாக, 90 டிகிரியில் நிற்பவை. இவை அப்படியே பிணைப்பில் இறங்கினால் மீத்தேனில் மூன்று ஹைட்ரஜன்கள் செங்கோணத்திலும், நான்காவது எங்கோ ஒரு பக்கத்திலும் தொங்க வேண்டும். உண்மையில் மீத்தேனின் நான்கு ஹைட்ரஜன்களுக்கும் இடையே எள்ளளவும் வேறுபாடு இல்லை. எந்த இரண்டை எடுத்தாலும் கோணம் 109.5 டிகிரி. ஆகவே ஒரு s, மூன்று p ஆகியவை கலந்து ஒரே மாதிரியான நான்கு புதிய ஆர்பிட்டால்களாகின்றன என்றார் பாலிங். இதுவே sp³ இனக்கலப்பு. ஒரு s இரண்டு p உடன் மட்டும் கலந்தால் sp², ஒன்றுடன் மட்டும் கலந்தால் sp.

பள்ளியில் பெரும்பாலும் இதற்கு அடுத்த வரியிலேயே 109.5, 120, 180 என்ற மூன்று எண்களும் மனப்பாடத்துக்கு வந்துவிடுகின்றன. அவை எங்கிருந்து வருகின்றன என்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர். அது விடுபட்டுப்போவது பெரிய இழப்பு.

அந்த வழி இதுதான். ஒரே அணுவில் உள்ள இரண்டு கலப்பு ஆர்பிட்டால்கள் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். அவற்றின் மொத்த மேற்பொருந்துதல் சுழியாக வேண்டும். இரண்டிலும் s கலந்திருக்கிறது. அந்த s பகுதிகள் திசையற்றவை என்பதால் எப்போதும் நேர்க்குறியில் மேற்பொருந்தும். அதை ஈடுகட்ட p பகுதிகள் எதிர்க்குறியில் மேற்பொருந்தியாக வேண்டும். அதற்கு ஒரே வழி, அவை 90 டிகிரியைத் தாண்டி ஒன்றைவிட்டு ஒன்று விலகுவது. s எவ்வளவு கூடுகிறதோ விலகலும் அவ்வளவு கூடும். ஒரு கலப்பு ஆர்பிட்டாலில் s இன் பங்கை s என்றே எழுதினால், p இன் பங்கு 1 − s. நிபந்தனை ஒரு வரியில் அடங்கிவிடும்:

s + (1 − s) cos θ = 0

இது கூல்சன் என்ற ஆங்கிலேய வேதியியலாளரின் பெயரால் வழங்கும் தொடர்பு. sp³ இல் s இன் பங்கு கால். அதை இட்டால் cos θ = −1/3, கோணம் 109.5 டிகிரி. மூன்றில் ஒரு பங்கு என்றால் −1/2, அதாவது 120. பாதி என்றால் −1, அதாவது 180. மூன்று எண்களுக்கும் ஒரே தாய்.

இனி உண்மையான ஈத்தீனைப் பார்ப்போம். அதன் H–C–H கோணம் 120 இல்லை. அளந்தால் ஏறத்தாழ 117.4 டிகிரி. கோட்பாடு பிசகிவிட்டதா? இல்லை. இயற்கை s ஐ மூன்று சிக்மா பிணைப்புகளுக்கும் சமமாகப் பங்கிட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. 117.4 ஐச் சமன்பாட்டில் இட்டுப் பின்னோக்கிக் கணக்கிட்டால், ஒவ்வொரு C–H பிணைப்பிலும் s இன் பங்கு 31.5 சதவீதம் என்று வருகிறது. இரண்டு C–H பிணைப்புகளுக்கும் சேர்த்து 63 சதவீதம் போக, மீதி 37 சதவீதம் கார்பன்–கார்பன் சிக்மா பிணைப்புக்குப் போயிருக்கிறது.

கோணத்திலிருந்து பெற்ற இந்த எண்ணைக் கோணத்தைத் தொடாமலேயே சோதிக்க முடியும் என்பது அழகான செய்தி. காந்த ஒத்ததிர்வுக் கருவியில், கார்பன்-13 அணுக்கருவும் அதோடு பிணைந்த ஹைட்ரஜனும் ஒன்றையொன்று பாதிக்கும் அளவை ஹெர்ட்சில் படிக்கலாம். s எலக்ட்ரான் மட்டுமே அணுக்கருவின் மீதே தங்கக்கூடியது. ஆகவே s கூடினால் இந்த அளவும் கூடும். ஈத்தேனில் அது 125, ஈத்தீனில் 156, ஈத்தைனில் ஏறத்தாழ 249. ஐந்தால் வகுத்தால் 25, 31, 50. ஈத்தீனுக்கு நாம் கோணத்திலிருந்து பெற்றது 31.5. முற்றிலும் வேறான இரண்டு அளவீடுகள் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

பிணைப்பு நீளமும் இதே எண்ணுக்குக் கட்டுப்படுகிறது. 2s எலக்ட்ரான் 2p எலக்ட்ரானைவிட அணுக்கருவால் இறுக்கமாகப் பிடிக்கப்பட்டது. s கூடிய ஆர்பிட்டால் குட்டையாகிறது, பிணைப்பும் குறுகுகிறது. C–H பிணைப்பின் நீளம் ஈத்தேனில் 109 பிக்கோமீட்டர், ஈத்தீனில் அதைவிடச் சற்றே குறைவு, ஈத்தைனில் 106.

கார்பன்–கார்பன் பிணைப்பில் குறைவு இன்னும் பெரிது: 154, 134, 120 பிக்கோமீட்டர். இங்கேதான் மாணவர்கள் தடுக்கி விழுகிறார்கள். இந்தச் சுருக்கம் முழுவதையும் இனக்கலப்பின் கணக்கில் எழுதக் கூடாது. கலப்பில் சேராத p ஆர்பிட்டால்கள் பக்கவாட்டில் பொருந்தி, ஈத்தீனில் ஒன்றும் ஈத்தைனில் இரண்டுமாகப் பை பிணைப்புகளை உண்டாக்குகின்றன. அவையும் கார்பன்களை நெருக்கி இழுக்கின்றன. இனக்கலப்பின் பங்கைக் கூடியவரை தனித்துக் காண, இரட்டை, முப்பிணைப்புகளுக்கு அடுத்திருக்கும் ஒற்றைப் பிணைப்பை அளக்க வேண்டும். புரோப்பேனில் அது 153 பிக்கோமீட்டர். புரோப்பீனில் CH₃ தொகுதி sp² கார்பனோடு சேருகிறது, நீளம் 150. புரோப்பைனில் அதே CH₃ ஒரு sp கார்பனோடு சேருகிறது, நீளம் 146. மூன்றுமே ஒற்றைப் பிணைப்புதான். ஆனாலும் அண்டைக் கார்பனில் s கூடக் கூட நீளம் படிப்படியாக இறங்குகிறது.

சமன்பாட்டுக்கு ஓர் எல்லையும் உண்டு. s ஐச் சுழியாக்கினால்கூடக் கோணம் 90 டிகிரிக்குக் கீழே இறங்காது. ஆனால் வளைய ஆல்கேனான சைக்ளோபுரோப்பேனில் மூன்று கார்பன்கள் சமபக்க முக்கோணமாக, 60 டிகிரியில் உட்கார்ந்திருக்கின்றன. இதன் C–H பிணைப்பில் காந்த ஒத்ததிர்வு தரும் அளவு 161 ஹெர்ட்ஸ். அதாவது s ஏறத்தாழ 32 சதவீதம். இரண்டு C–H போக மிஞ்சும் 36 சதவீதத்தை வளையத்தின் இரண்டு பிணைப்புகள் பகிர்ந்தால் ஆளுக்கு 18. அதைச் சமன்பாட்டில் இட்டால் ஆர்பிட்டால்களுக்கு இடைப்பட்ட கோணம் 103 டிகிரி அளவில் வருகிறது. அணுக்கள் 60இல் நிற்க, ஆர்பிட்டால்கள் 103இல் நிற்கின்றன. எனவே பிணைப்புகள் முக்கோணத்தின் பக்கங்களின் மீது நேராக ஓடாமல் வெளிப்பக்கம் வில்லாக வளைகின்றன. வளைந்த பிணைப்பில் மேற்பொருந்துதல் குறைவு. அதனால்தான் பெரும்பாலான ஆல்கேன்களை எளிதில் அசைக்க முடியாத ஹைட்ரஜன், நிக்கல் வினையூக்கியின் துணையோடு சைக்ளோபுரோப்பேனின் வளையத்தை உடைத்துப் புரோப்பேனாக்கிவிடுகிறது.