மூன்று படமா, மூன்று காட்சியா?

சீன மொழியில் எண்ணையும் பெயரையும் நேராக ஒட்டவைக்க முடியாது. நடுவில் ஓர் அளவுச்சொல் வேண்டும். புத்தகம் என்றால் ‘பென்’, தாள், டிக்கெட், மேசை போல விரிந்த பரப்புள்ளவை என்றால் ‘ஜாங்’. ‘மூன்று புத்தகம்’ என்பது ‘சான் பென் ஷூ’. நாம் ‘இரண்டு கட்டு கீரை’ என்பதுபோலத்தான். ஆனால் அங்கே எல்லாப் பொருளுக்கும் அந்தக் ‘கட்டு’ தேவை.

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பவருக்குச் சிக்கல் இங்கேதான். ‘ஃபிலிம்’ என்ற ஒரே சொல்லைப் பாருங்கள். ஓர் இயக்குநர் மூன்று ‘ஃபிலிம்’ எடுத்தார் என்றால் பேச்சு படைப்பைப் பற்றியது, அளவுச்சொல் ‘பு’. ‘சான் பு தியென்யிங்’ என்று எழுத வேண்டும். நேற்று தியேட்டருக்குப் போய் ஒரு ‘ஃபிலிம்’ பார்த்தேன் என்றால் அது ஒரு காட்சி. அங்கே ‘சாங்’ பொருந்தும். ஒரே படத்தை மூன்று முறை போய்ப் பார்த்தவருக்கு ‘பு’ ஒன்று, ‘சாங்’ மூன்று! கேமராவில் போடும் சுருள் என்றாலோ அளவுச்சொல் மட்டுமல்ல, பெயர்ச்சொல்லே மாறிவிடும்.

எது என்று தெரியாதபோது பலரும் பொதுச்சொல்லான ‘க’வைப் போட்டுத் தப்பிப்பார்கள். பேச்சில் அது பெரும்பாலும் ஓடிவிடும். அச்சில் ஏறினால் ‘சான் க ஷூ’ அரைகுறைச் சீனமாகத் தெரியும்.

லூ ஷூஷியாங் தொகுத்த ‘நவீன சீனத்தின் எண்ணூறு சொற்கள்’ நூலின் பின்னிணைப்பில், எந்தப் பெயருக்கு எந்த அளவுச்சொல் என்ற அட்டவணை இருக்கிறது. ஆனால், ஆங்கில வாக்கியம் படைப்பைச் சொல்கிறதா, காட்சியைச் சொல்கிறதா என்று முடிவுசெய்த பிறகு அதைப் புரட்டுங்கள்.