டூரின் துணிக்கு வயது எத்தனை? கார்பன்-14 கணக்கு சொல்வது என்ன?

இத்தாலியின் டூரின் நகரப் பேராலயத்தில் சுமார் நாலரை மீட்டர் நீள லினன் துணி ஒன்று பாதுகாக்கப்படுகிறது. சிலுவையில் இறந்த இயேசுவின் உடலைச் சுற்றிய துணி இதுதான் என்று பலர் நம்புகிறார்கள். 1988 ஏப்ரலில் இதன் ஓரத்தில் இருந்து சின்னத் துண்டு ஒன்று வெட்டப்பட்டு, ஆக்ஸ்ஃபோர்டு, சூரிச், அரிசோனா ஆய்வகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. துணி கி.பி. 1260-க்கும் 1390-க்கும் இடைப்பட்டது என்று அந்த அக்டோபரில் முடிவு வந்தது. சர்ச்சை இன்னும் ஓயவில்லை. எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

துணிக்குள் ஓடும் கடிகாரம்

லினன் என்பது ஆளி செடியின் நார். செடி உயிரோடு இருக்கும்வரை காற்றில் இருந்து கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கும். அதில் மிகச் சிறிய பங்கு, கதிரியக்கம் கொண்ட கார்பன்-14. செடியை அறுத்ததும் வரத்து நின்றுபோகும். உள்ளே இருக்கும் கார்பன்-14 மட்டும் சிதைந்துகொண்டே போகும்.

இந்தச் சிதைவு ஒரு முதல் வகை வினை. பிளஸ் 2 வேதியியலில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஒரு நொடியில் எத்தனை அணுக்கள் சிதையும் என்பது, அப்போது எத்தனை அணுக்கள் மீதி இருக்கின்றன என்பதை மட்டுமே பொறுத்தது. வெயில், குளிர், அழுத்தம் எதுவும் இதை மாற்றாது. அணுக்கருவுக்கு முதுமையும் கிடையாது. ஆயிரம் வருஷம் தாக்குப்பிடித்த அணு அடுத்த வருஷம் சிதையும் வாய்ப்பும், நேற்று உருவான அணுவின் வாய்ப்பும் ஒன்றுதான்.

அந்த வாய்ப்புதான் சிதைவு மாறிலி, λ. அதை அரை ஆயுளில் இருந்து எடுக்கலாம். கார்பன்-14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டுகள் ஆகும்.

λ = 0.693 / 5730 = 0.000121 (ஓர் ஆண்டுக்கு)

அதாவது ஆண்டுக்கு ஏறக்குறைய 8,270 அணுக்களில் ஒன்று காலி.

வயது கணக்கு

தொடக்க அளவு N₀, இப்போதைய அளவு N என்றால்:

t = (1/λ) × ln(N₀/N)

மூன்று ஆய்வகங்களின் சராசரி முடிவை மீதி அளவாக மாற்றினால் 91.8% வருகிறது. 1/0.918-இன் இயற்கை மடக்கை 0.0856. அதை 0.000121-ஆல் வகுத்தால் சுமார் 707 ஆண்டுகள்.

ஆனால் ஆய்வகங்கள் சொன்னது 689 ஆச்சே? தப்பு எதுவும் இல்லை. தொடக்க காலத்தில் அரை ஆயுள் 5,568 ஆண்டுகள் என்று கருதப்பட்டது. பழைய முடிவுகளோடு ஒப்பிட வசதியாக, ஆய்வகங்கள் இன்றும் அதே எண்ணை வைத்துத்தான் முதல் கணக்கைப் போடுகின்றன. அதன்படி 0.0856-க்கு ஏறக்குறைய 690 ஆண்டுகள் கிடைக்கும். இந்த ஆண்டுகள் 1950-இல் இருந்து பின்னோக்கி எண்ணப்படுபவை. காற்றில் இருந்த கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவு இல்லை என்பதால், மர வளையங்களில் இருந்து கிடைத்த அளவுகளோடு ஒப்பிட்டு இந்த எண்ணைத் திருத்துவார்கள். 1260 - 1390 என்பது அப்படித் திருத்திய பிறகு வந்ததுதான்.

அழுக்கு ஏமாற்றியிருக்குமா?

எதிர்ப்பாளர்கள் முக்கியமாகக் கேட்பது இதைத்தான். பல நூற்றாண்டு கைபட்ட துணி. 1532-இல் தீ விபத்தில் வேறு சிக்கியது. புதுக் கார்பன் ஒட்டி, துணியை இளமையாகக் காட்டியிருக்கலாமே?

கணக்கு போட்டுப் பார்க்கலாம். துணி உண்மையிலேயே முதல் நூற்றாண்டுடையது என்றால் சுமார் 79% கார்பன்-14தான் மீதி இருக்க வேண்டும். அதை 91.8% ஆக்க, மாதிரியில் உள்ள மொத்தக் கார்பனில் சுமார் 60% இருபதாம் நூற்றாண்டுக் கார்பனாக இருக்க வேண்டும். 1532 தீயில் ஒட்டியது என்றால், அந்தக் கார்பனும் அதற்குள் கொஞ்சம் சிதைந்திருக்கும். அதனால் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் தேவைப்படும். அப்புறம் அது அழுக்கு ஒட்டிய துணி இல்லை, துணி ஒட்டிய அழுக்கு! போதாக்குறைக்கு, மாதிரிகளை வேதிப்பொருட்களால் சுத்தம் செய்த பிறகே அளந்தார்கள். வயது தெரிந்த வேறு பழைய துணிகளையும் கூடவே சோதித்தார்கள்.

இடிக்கும் இடம்

இருந்தாலும் ஒரு கேள்வி நியாயமானது. ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சராசரியாக 750 ஆண்டுகள் கிடைத்தன, அரிசோனாவுக்கு 646. மீதி அளவில் சொன்னால் 91.1%, 92.3%. சதவீதத்தில் ஒன்றேகால் கூட இல்லாத வித்தியாசம், வயதில் நூறு வருஷத்தைத் தாண்டிவிடுகிறது. அளவீட்டுப் பிழைக்குள் அடங்க வேண்டியதைவிட இது கொஞ்சம் அதிகம். 2019-இல் மூலத் தரவுகளை மறு ஆய்வு செய்தவர்களும் இதையே சுட்டிக்காட்டி, 1260 - 1390 என்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள்.

ஆனால் இந்த இழுபறி சுமார் நூறு வருஷ அளவில் நடப்பது. முதல் நூற்றாண்டுக்குப் போக இன்னும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் வேண்டும். வெட்டிய ஓரம் பிற்காலத்தில் ஒட்டு நெய்யப்பட்ட பகுதி என்று சொல்பவர்களும் உண்டு. அதற்கு λ பதில் சொல்லாது. நூலின் வயதைத்தான் அது சொல்லும். அந்த நூல் மூலத் துணியுடையதா என்பதை நெசவு தெரிந்தவர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.