சுருங்கி வரும் பக்கமும் பெயர் சொல்லாத எழுத்தும்

பெங்களூரில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியரும், தமிழிலும் கன்னடத்திலும் அறிவிப்புகளைத் திரட்டும் களப் பணியாளரும் ஒரே வகையான இடர்ப்பாட்டை அடிக்கடி எதிர்கொள்கின்றனர். வலைச் சேவையகம் ஒன்றிலிருந்து நிரல் மூலம் ஒரு பக்கத்தைப் பெற்றுத் திறந்து பார்த்தால், தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற குறிகளே நிறைந்திருக்கும். பக்கம் கெட்டுவிட்டது என்று அதனை எறிந்துவிடுவோர் பலர். உண்மையில் பக்கம் பெரும்பாலும் பழுதின்றியே இருக்கிறது. அதன்மேல் இரண்டு உறைகள் உள்ளன. வெளியுறை சுருக்கம், உள்ளுறை எழுத்துக் குறியீடு. வெளியுறையை முதலில் நீக்காமல் உள்ளுறையை ஆராய்வது வீண் முயற்சியாகும்.

வெளியுறையை நீக்குதல்

இக்காலத்தில் பெரும்பான்மையான சேவையகங்கள் உரையைச் சுருக்கியே அனுப்புகின்றன. இதற்கு ஜிசிப், பிராட்லி என்னும் இரு முறைகள் மிகுதியாக வழங்குகின்றன. எந்த முறை கையாளப்பட்டது என்பதைப் பதிலின் தலைப்பில் `Content-Encoding` என்னும் வரி தெரிவிக்கும். அவ்வரியில் `gzip` அல்லது `br` என்று காணலாம்.

தலைப்பை மட்டும் நம்பியிருத்தல் போதாது. ஜிசிப் முறையில் சுருக்கிய கோப்பு எப்பொழுதும் `1f 8b` என்னும் இரு பைட்டுகளுடன் தொடங்கும். அதன் இறுதி எட்டுப் பைட்டுகளில் ஒரு சரிபார்ப்பு எண்ணும், மூல உரையின் நீளமும் அடங்கியுள்ளன. ஆதலின் பாதியில் அறுந்த கோப்பை விரிக்கும்போது பிழை உடனே வெளிப்படும். 2016ஆம் ஆண்டில் நெறிப்படுத்தப்பட்ட பிராட்லி முறைக்கு இத்தகைய தொடக்க அடையாளமோ, சரிபார்ப்பு எண்ணோ கிடையாது. தலைப்பு வரி தொலைந்துவிட்டால், விரித்துப் பார்த்தே அதனை அறிய வேண்டும். எனவே தலைப்பையும் உடலையும் தனித்தனியே சேமித்தல் நன்று:

```
curl -s -D head.txt -H 'Accept-Encoding: gzip' -o body.bin URL
xxd body.bin | head -n 1
gzip -dc < body.bin > page.txt
```

பிராட்லியாயின், தலைப்பில் `br` என்று கேட்டுப் பெற்று, `brotli -dc < body.bin` என்று விரிக்கலாம். இங்கே ஒரு தவறு பலமுறை நேர்கிறது. உலாவி அனுப்பும் தலைப்பை அப்படியே படியெடுத்து, பிராட்லியை விரிக்கும் கருவி தம்மிடம் இல்லாமலேயே `br` என்று சேவையகத்திடம் கேட்டுவிடுகின்றனர். விரிக்க இயலாததைக் கேளாதிருப்பதே இதற்குப் பரிகாரம். விரித்த பின்பும் முதலில் `1f 8b` தென்படுமாயின், பக்கம் இருமுறை சுருக்கப்பட்டுள்ளது என்று கொண்டு மீண்டும் ஒருமுறை விரித்தல் வேண்டும்.

எழுத்துக் குறியீட்டை ஊகித்தல்

விரித்த பின் கிடைப்பது எண்களின் வரிசையே. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்பதை `Content-Type` வரியில் `charset` என்னும் சொல் கூற வேண்டும். அது இல்லாதபோது, கோப்பின் தொடக்கத்தில் `EF BB BF` என்னும் அடையாளம் உளதா என்று பார்க்க வேண்டும். அதுவும் இல்லையேல், பக்கத்தின் முதல் 1024 பைட்டுகளுக்குள் `<meta charset=...>` என்னும் குறிப்பைத் தேட வேண்டும். இவை யாவும் இல்லாதபோதே ஊகம் தொடங்குகிறது.

ஊகத்தின் முதற்படி, யூடிஎஃப்-8 ஆகுமா என்று கண்டிப்பாகச் சோதிப்பதாகும். யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகும். முதற்பைட்டு எப்பொழுதும் `E0`. இரண்டாவது `AE` அல்லது `AF`. கன்னடமாயின் இரண்டாவது `B2` அல்லது `B3`. இவ்வளவு கட்டுப்பாடான அமைப்பு வேறொரு குறியீட்டில் எழுதிய நீண்ட உரையில் தற்செயலாக நேர்வது அரிது. ஆதலின் சோதனையில் தேறினால் ஐயமின்றி ஏற்கலாம்.

```
iconv -f UTF-8 -t UTF-8 page.txt > /dev/null
```

பிழை ஏதும் வராவிடில் பக்கம் யூடிஎஃப்-8 ஆகும். பக்கத்தின் தொடக்கப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்துச் சோதித்தல் கூடாது. 1024 என்பது மூன்றால் மீதியின்றி வகுபடாத எண். தூய தமிழ் உரையை அவ்விடத்தில் வெட்டினால் ஓர் எழுத்தின் நடுவே கத்தி விழும். நல்ல கோப்பும் பிழையுடையதாகத் தோன்றும்.

லத்தீன்-1 முறைக்கு இவ்வாறான சோதனை இல்லை. அதில் எல்லா எண்ணுக்கும் ஏதேனும் ஒரு குறி உண்டு. எதைக் கொடுத்தாலும் பிழையின்றிப் படித்துவிடும். பிழை வராமையை அதற்குச் சான்றாகக் கொள்ளலாகாது. சில நிரல்தொகுதிகள் `charset` இல்லாத உரையை இம்முறையிலேயே படிக்கின்றன. அப்பொழுது "தமிழ்" என்னும் சொல் `à®¤à®®à®¿à®´à¯` என்று தோன்றும். `à®` என்னும் இணை மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டால், அது யூடிஎஃப்-8 தமிழ் என்று உடனே துணியலாம். `à²` என்பது மிகுந்தால் அது கன்னடம்.

ஒரு பழைய பக்கம்

தமிழ் இணையத்தின் தொடக்க ஆண்டுகளில் யூனிகோடு பரவவில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் இலக்கியப் பதிப்புகளைத் திஸ்கி என்னும் ஒற்றைப் பைட்டுக் குறியீட்டில் வெளியிட்டது. பின்னரே யூனிகோடு பதிப்புகள் வந்தன. திஸ்கி முறையிலுள்ள பக்கம் ஒன்று, குறியீட்டின் பெயர் கூறப்படாமல், ஜிசிப் சுருக்கத்துடன் வந்ததாகக் கொள்வோம்.

உடலின் முதலில் `1f 8b` உள்ளது, விரிக்கிறோம். யூடிஎஃப்-8 சோதனை தோற்கிறது. ஆங்கிலக் குறிச்சொற்களுக்கு இடையே `¾Á¢ú` என்னும் கோவை தென்படுகிறது. அதன் பைட்டுகள் `BE C1 A2 FA`. திஸ்கி அட்டவணையில் அவை முறையே த, ம, இகரக் குறி, ழ் ஆகும். கருதுகோள் வலுப்பெறுகிறது. அடுத்து மாற்றிப் பார்க்கிறோம்:

```
iconv -f TSCII -t UTF-8 page.txt > tamil.txt
```

மாற்றம் சரியா என்பதைக் கொம்பைக் கொண்டு அறியலாம். திஸ்கியில் எழுத்து, கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே பதிவாகும். "கொ" என்பதில் கொம்பு முதலிலும், ககரம் இடையிலும், கால் இறுதியிலும் நிற்கும்; அதன் வடிவம் `¦¸¡`. யூனிகோடில் ககரமே முதலில் வரும். பைட்டுக்குப் பைட்டு மாற்றும் எளிய நிரல் கொம்பை முந்திய எழுத்துடன் சேர்த்துவிடும். ஆதலின் "கொடு", "செய்" போன்ற சொற்கள் நேராக வந்துள்ளனவா என்று பார்த்த பின்னரே முடிவை ஏற்க வேண்டும்.

ஊகம் செல்லாத இடமும் உண்டு. பாமினி எழுத்துருவில் "தமிழ்" என்பது `jkpo;` என்று ஆங்கில எழுத்துகளாலேயே பதிவாகியுள்ளது. எண்களை மட்டும் ஆராயும் கருவி அதனை ஆங்கிலம் என்றே கூறும். அங்கே பக்கத்தினுள் குறிக்கப்பட்ட எழுத்துருவின் பெயர் ஒன்றே வழிகாட்டி.

மூலத்தைக் காத்தல்

தவறாகப் படித்த உரையைத் திருத்தாமல் சேமிப்பதில் ஒரு நிலையான இழப்பு நேரக்கூடும். புள்ளியின் மூன்று பைட்டுகள் `E0 AF 8D`. லத்தீன்-1இன் நெருங்கிய உறவான விண்டோஸ்-1252 அட்டவணையில் `8D` என்னும் எண்ணுக்கு எழுத்தே ஒதுக்கப்படவில்லை. அவ்வழியே படிக்கும் சில மென்பொருள்கள் அவ்விடத்தில் ஒரு கேள்விக்குறியை இட்டுச் சேமித்துவிடும். பிறகு எவ்வளவு திருத்தினும் புள்ளிகள் மீளா. மெய்யெழுத்து அனைத்தும் உயிர்மெய்யாகத் தோன்றும் அந்த உரையைச் சொல் சொல்லாகக் கையால் திருத்த வேண்டிவரும்.

இக்காரணத்தால் `body.bin`, `head.txt` ஆகிய இரண்டையும் மாற்றாமல் வைத்திருப்பதும், மாற்றிய உரையை வேறு பெயரில் சேமித்து, எந்தக் குறியீட்டை ஊகித்து மாற்றினோம் என்று உடன் குறித்து வைப்பதும் களப் பணியில் தவறாத வழக்கமாதல் வேண்டும். ஊகம் பின்னர்ப் பிழையென்று தெரிந்தாலும், மூலப் பைட்டுகள் இருக்கும்வரை அதனை மாற்றிக்கொள்ள இயலும்.