பதினான்கு துண்டுகளை எட்டுப் பட்டைகளாக்குவது

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் ஒன்றின் ஆண்டுச் செலவுக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். எக்செல்லில் போட்ட வட்ட விளக்கப்படம் ஸ்கிரீன்ஷாட்டாக வாட்ஸ்அப்பில் வருகிறது. அதில் பதினான்கு துண்டுகள், போதாததற்கு முப்பரிமாணம். எக்செல் முதல் ஆறு துண்டுகளுக்குத்தான் தனித்தனி நிறம் தருகிறது. அதற்குப் பிறகு அதே நிறங்களே கொஞ்சம் அடர்த்தியாகவோ வெளிறியோ திரும்ப வரும். ஓரத்துக் குறிவிளக்கத்தில் உள்ள நீலம் எந்தத் துண்டின் நீலம் என்று தேடியே கண் களைத்துவிடும். சாய்ந்த முப்பரிமாண வட்டத்தில் முன்பக்கத் துண்டின் பக்கச்சுவரும் தெரிவதால், அது உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும்.

நிறத்தை மாற்றினால் மட்டும் இது தீராது. கோணங்களை ஒப்பிடுவதைவிட, ஒரே கோட்டிலிருந்து தொடங்கும் நீளங்களை மனிதக் கண் துல்லியமாக ஒப்பிடும். வில்லியம் கிளீவ்லேண்டும் ராபர்ட் மெக்கில்லும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்துக் காட்டியது. ஆகவே இங்கே பொருத்தமானது கிடைமட்டப் பட்டைப் படம். நீளமான பெயர்களையும் சாய்க்காமல் எழுத அதில் இடமுண்டு.

முதலில் ஸ்கிரீன்ஷாட்டில் உள்ள எண்களைத் தாளில் தட்டச்சு செய்து, கூட்டினால் 100 வருகிறதா என்று பார்க்க வேண்டும். முழு எண்ணாக்கியதால் ஒன்றிரண்டு கூடிக் குறையலாம். அதற்கு மேல் போனால் ஏதோ ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது. படத்தில் எண்களே இல்லையென்றால் கண்ணளவில் ஊகித்து வரைவது தவறு, மூலக் கோப்பைக் கேட்டு வாங்குவதே வழி.

அடுத்தது சேர்த்தல். காவல் 31 சதவீதம், தண்ணீர் லாரி 18, மின்சாரம் 14, லிஃப்ட் 9, துப்புரவு 8, ஜெனரேட்டர் டீசல் 5. மீதி எட்டு இனங்களும் சேர்ந்து 15. அந்த எட்டையும் 'இதர' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதுதான் பலரும் செய்வது. அப்படிச் செய்தால் மூன்றாவது பெரிய செலவே 'இதர' ஆகிவிடும். கணக்குக் கேட்பவருக்கு அதைவிடச் சந்தேகம் தருவது வேறில்லை. குழாய் வேலை 4, வயரிங் 3, வெள்ளையடிப்பு 2, தச்சு வேலை 1 ஆகியவை இயல்பிலேயே ஓரினம். 'பழுதுபார்ப்பு' என்று சேர்த்தால் 10. தோட்டம், தணிக்கை, எழுதுபொருள், விழா ஆகிய நான்கும் 5 சதவீத 'இதர' ஆகின்றன. லிஃப்டைவிடப் பழுதுபார்ப்புக்கு அதிகம் செலவாகிறது என்பது வட்டத்தில் சிதறிக் கிடந்தது. இப்போது நான்காவது பட்டையாக நிற்கிறது.

எண்களை இறங்குவரிசையில் அடுக்கி, 'இதர'வை மட்டும் அளவு பார்க்காமல் கடைசியில் வைக்க வேண்டும். எக்செல் பட்டைகளைத் தலைகீழாக அடுக்கும். `Format Axis`-இல் `Categories in reverse order` என்பதைத் தேர்ந்தால் பெரியது மேலே வரும். `Gap Width`-ஐ 50% அளவுக்குக் குறைத்தால் பட்டைகள் தடிக்கும். ஒவ்வொரு பட்டை நுனியிலும் எண் இருப்பதால் குறிவிளக்கமும் பின்னணிக் கோடுகளும் வேண்டாம். அச்சு பூஜ்யத்திலிருந்து தொடங்குவதை மட்டும் உறுதிசெய்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நீளங்கள் பொய் சொல்லும். எல்லாப் பட்டைகளுக்கும் சாம்பல் நிறம் போதும். பேச வேண்டிய ஒன்றுக்கு மட்டும் அடர்நிறம் தந்து, 'பழுதுபார்ப்புக்கு லிஃப்டைவிட அதிகச் செலவு' என்று தலைப்பிலேயே சொல்லிவிடலாம்.

சென்ற ஆண்டோடு ஒப்பிட வேண்டுமென்றால் இந்தப் படம் போதாது. அதற்கு ஒவ்வோர் இனத்துக்கும் இரண்டு பட்டைகள் வேண்டும், அதுவும் சதவீதத்தில் அல்ல, ரூபாயில்.